சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்: சென்னையில் எந்த கவுன்ட்டருக்குப் போவது?

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து எங்கள் குடும்பத்தில் மூன்று சான்றிதழ்களுக்காக அலைந்தோம். அக்கா மகளுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்காக முதல் பட்டதாரி சான்றிதழும், உதவித்தொகைக்காக வருமானச் சான்றிதழும் தேவைப்பட்டன. என் பையனுக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவைப்பட்டது, அவன் எட்டாவதும் ஒன்பதாவதும் பெங்களூருவில் படித்தவன். மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு வழியில் விண்ணப்பித்தோம். திட்டம் போட்டுச் செய்ததில்லை, அப்படி அமைந்துவிட்டது. அதனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்ல முடிகிறது.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இது எனக்குத் தெரியாததால்தான் பாதி அலைச்சல். நாம் உட்கார்ந்து பேசும் கவுன்ட்டர் சான்றிதழ் தருவதில்லை. அங்கே இருப்பவர் நம் விவரங்களை டைப் செய்து, ஆவணங்களை ஸ்கேன் செய்து மேலே ஏற்றுகிறார், அவ்வளவுதான். விண்ணப்பம் அங்கிருந்து வி.ஏ.ஓ. லாகினுக்குப் போகிறது, அவர் பார்த்து வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.க்கு அனுப்புகிறார், அதன் பிறகு தாலுகாவில் துணை வட்டாட்சியரோ வட்டாட்சியரோ டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிறார். சாதிச் சான்றிதழில் எஸ்.சி. என்றால் வட்டாட்சியர், எஸ்.டி. என்றால் கோட்டாட்சியர் வரை போகும். ஆக, எந்த கவுன்ட்டரில் கொடுத்தாலும் கடைசியில் அதே வி.ஏ.ஓ.வின் திரையில்தான் போய் நிற்கும். தாலுகா அலுவலகத்திலேயே கொடுத்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள், எங்கள் அனுபவத்தில் அப்படி இல்லை. கவுன்ட்டருக்குக் கவுன்ட்டர் மாறுவது இரண்டுதான்: உங்கள் ஆவணம் எவ்வளவு தெளிவாக மேலே போகிறது, விண்ணப்பம் திரும்பி வந்தால் அது உங்களுக்குத் தெரியவருகிறதா.

தெருமுனை மையத்தில் நடந்தது

வருமானச் சான்றிதழுக்கு அக்கா வீட்டுப் பக்கத்தில் இருக்கும் தனியார் இ-சேவை மையத்துக்குப் போனோம். ஜெராக்ஸ் கடை, அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், வெளியே அரசின் இ-சேவை போர்டு. வரிசையே இல்லை. உள்ளே போய் இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அரசுக் கட்டணம் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய், அங்கே 150 வாங்கினார்கள். ஸ்கேன், பிரின்ட் எல்லாம் சேர்த்து என்றார்கள், அவசரம், கொடுத்துவிட்டோம்.

பணத்தைவிடப் பெரிய பிரச்சனை அப்புறம்தான் தெரிந்தது. இந்தச் சேவைகளுக்கெல்லாம் முதலில் கேன் எண் என்று ஒன்று எடுக்க வேண்டும். உங்கள் பெயர், முகவரி, அப்பா பெயர், மொபைல் எண் எல்லாம் அதில் பதிவாகும். ஒருமுறை எடுத்தால் போதும், அடுத்தடுத்த சான்றிதழுக்கும் அதே எண்தான். அக்கா கணவருக்குக் கேன் எண் இல்லாததால் அந்த மையத்தில்தான் புதிதாக எடுத்தார்கள். எடுக்கும்போது ஓ.டி.பி. வரும் இல்லையா, அந்த நேரம் அவருடைய போன் வீட்டில் இருந்தது. கடையில் இருந்த தம்பி தன்னுடைய எண்ணையே போட்டு முடித்துவிட்டார். உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்திருப்பார். ஆனால் அதற்குப் பிறகு வந்த எஸ்.எம்.எஸ். எல்லாம் அவர் போனுக்குத்தான் போயிற்று.

நான்காவது நாளே வி.ஏ.ஓ. சம்பள விவரம் தெளிவாக இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். எங்களுக்குத் தெரியவில்லை. கடைக்காரருக்கு ஒரு நாளைக்கு எத்தனை எஸ்.எம்.எஸ். வரும், அவர் கவனிக்கவில்லை. ஒன்பது நாள் கழித்து, ரசீதில் இருந்த விண்ணப்ப எண்ணை வைத்து நான் இணையத்தில் நிலவரம் பார்த்தபோதுதான் 'ரிட்டர்ன்' என்று இருந்தது. கடைக்குப் போய்க் கேட்டோம், ஏற்றிய கோப்பைத் திறந்து காட்டச் சொன்னோம். சம்பளச் சீட்டில் பெயர் தெரிகிறது, தொகை இருக்கும் இடம் சாம்பல் நிறத்தில் பட்டையாகக் கிடக்கிறது. அக்கா கணவர் வேலை செய்யும் இடத்தில் கொடுக்கும் சீட்டு கார்பன் காப்பி, ஏற்கெனவே மங்கல். அதோடு ஆதாரையும் ரேஷன் கார்டையும் சேர்த்து ஒரே கோப்பாக்கி அமுக்கியிருக்கிறார்கள்.

இந்த அமுக்கல் ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. இணையதளத்தில் புகைப்படம் 50 கேபிக்குள், ஒவ்வொரு ஆவணமும் 200 கேபிக்குள் இருக்க வேண்டும். மூன்று நான்கு பக்கத்தை ஒன்றாகச் சேர்த்து 200 கேபிக்குள் கொண்டுவந்தால் எழுத்து நசுங்கிவிடும். விண்ணப்பம் திரும்புவதற்குக் காரணம் பல நேரம் ஆவணம் இல்லாததல்ல, இருக்கும் ஆவணம் படிக்கும்படி போகாதது. எனவே எந்தக் கடையில் கொடுத்தாலும் 'சமர்ப்பி' அழுத்துவதற்கு முன் திரையைத் திருப்பச் சொல்லி, ஏற்றிய கோப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்களால் தொகையையும் தேதியையும் படிக்க முடியாவிட்டால் வி.ஏ.ஓ.வாலும் படிக்க முடியாது. அவர் அலுவலகத் திரை உங்களுடையதைவிட நல்லது என்று நினைக்க வேண்டாம்.

திருத்தி அனுப்ப வேறு மையத்துக்குப் போகலாமா என்று கேட்டோம், எந்தக் கணக்கிலிருந்து விண்ணப்பித்தார்களோ அதே கணக்கிலிருந்துதான் திருத்த வேண்டும் என்றார்கள். அதனால் மறுபடி அதே கடை. முதலாளியிடம் புதிதாகச் சம்பளச் சான்று வாங்கி, தனியாக ஒரே பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றினோம். அதன் பிறகு ஆறு நாளில் சான்றிதழ் வந்துவிட்டது. மொத்தம் பத்தொன்பது நாள், அதில் ஒன்பது நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்த நாட்கள்.

தாலுகா அலுவலக கவுன்ட்டர்

முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இந்தக் கடை வேண்டாம் என்று முடிவு செய்து தாலுகா அலுவலகத்தில் இருக்கும் அரசு இ-சேவை கவுன்ட்டருக்குப் போனோம். மாநகராட்சி மண்டல அலுவலகங்களிலும் இதே மாதிரி கவுன்ட்டர்கள் உண்டு, வேலை ஒன்றுதான்.

வரிசை நீளம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ரிசல்ட் வந்த பிறகு, அதுவும் கவுன்சலிங் பதிவு நடக்கும் வாரங்களில், கூட்டம் இருக்கத்தான் செய்யும். நாங்கள் எட்டே முக்காலுக்குப் போனபோது எங்களுக்கு முன்னால் பதினேழு பேர். பத்து மணிக்குக் கவுன்ட்டர் திறந்தார்கள், டோக்கன் கொடுத்தார்கள். எங்கள் முறை வந்தது பன்னிரண்டு பத்துக்கு. உட்கார ஒரே ஒரு பெஞ்ச், அதில் கைக்குழந்தையோடு வந்தவர்களும் பெரியவர்களும் உட்கார, மற்றவர்கள் மரத்தடியில் நின்றோம். தண்ணீர் கொண்டுபோங்கள். திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று மனு கொடுக்க வருபவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். நாங்கள் இரண்டாவது தடவை ஒரு புதன்கிழமை மதியம் இரண்டரைக்குப் போனபோது நாலு பேர்தான் இருந்தார்கள், முதல் நாள் காத்திருந்த நேரத்தை நினைத்து வருத்தமாக இருந்தது.

ஆனால் கவுன்ட்டரில் இருந்த பெண் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். காகிதங்களை வாங்கியதும் டைப் செய்யத் தொடங்கவில்லை. எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் பட்டதாரி என்றால் அப்பா அம்மாவோடு முடிவதில்லை. இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள், எல்லாருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள், படித்தவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் வேண்டும். அக்காவிடம் தன்னுடைய டி.சி. இருந்தது, கணவருடையது இல்லை.

"அப்பா எத்தனாவது படிச்சிருக்காரும்மா?"

"எட்டாவதுங்க. டி.சி. வெள்ளத்துல போயிடுச்சு."

"அப்ப ஸ்கூல்ல ரெக்கார்ட் ஷீட் வாங்கிட்டு வாங்க. இப்படியே அனுப்பினா திரும்பி வந்துடும், உங்களுக்குத்தான் பத்து நாள் போகும்."

அன்றைக்கு எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். அக்காவுக்குக் கோபம், மூன்று மணி நேரம் நின்றிருக்கிறோம். எனக்கும் அந்த நேரத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் தெருமுனைக் கடையில் என்ன ஆயிருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் அவர் செய்தது சரி. அங்கே வாங்கி ஏற்றியிருப்பார்கள், 60 ரூபாயும் போயிருக்கும், விண்ணப்பம் திரும்பியிருக்கும். கூடவே இன்னொரு உதவியும் செய்தார். கேன் பதிவில் கடைக்காரர் எண் இருப்பதைப் பார்த்துவிட்டு, அதை அக்கா கணவரின் எண்ணாக மாற்றிக் கொடுத்தார். நாங்கள் கேட்கக்கூட இல்லை.

அந்தப் பள்ளி விழுப்புரம் பக்கம், அக்கா கணவர் ஒரு நாள் லீவு போட்டுப் போய் வாங்கி வந்தார். இரண்டு தாத்தாக்களும் உயிரோடு இல்லை. ஒருவர் சென்னையில் இறந்தவர், அவருடைய இறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலிருந்து இலவசமாகவே எடுத்துக்கொண்டோம், சென்னையில் பதிவான பிறப்பு இறப்புச் சான்றிதழ்களுக்கு யாரிடமும் பணம் கொடுக்கத் தேவையில்லை. பாட்டிமார் பள்ளிக்கே போகாதவர்கள், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அப்புறம் சுய உறுதிமொழிப் படிவம், இதை முன்கூட்டியே எங்கேயும் வாங்க வேண்டாம், விவரங்களைப் பதிவு செய்தவுடன் கம்ப்யூட்டரிலிருந்தே வரும், பிரின்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கித் திரும்ப ஸ்கேன் செய்வார்கள். யார் பெயரில் சான்றிதழோ அவரே வந்து கையெழுத்துப் போடுவது நல்லது. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா மகனைக் கூட்டி வராமல் வந்து, கையெழுத்துக்காகவே திரும்பிப் போனார்.

இவ்வளவும் சேர்த்து அந்தச் சான்றிதழுக்குச் செலவானது இரண்டு நடை, 60 ரூபாய், சமர்ப்பித்த நாளிலிருந்து பதினோரு நாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இடையில் வி.ஏ.ஓ. அலுவலகத்திலிருந்து போன் வந்தது, அண்ணன் யாராவது இருக்கிறாரா, என்ன படிக்கிறார் என்று கேட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் பட்டம் வாங்கியிருந்தாலோ முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையை எடுத்திருந்தாலோ அடுத்தவருக்குக் கிடைக்காது, அதைத்தான் சரிபார்க்கிறார்கள். போனை எடுக்காமல் விட்டால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும், தெரியாத எண் என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டிலிருந்தே விண்ணப்பித்தது

என் பையனின் இருப்பிடச் சான்றிதழை நானே செய்தேன், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு இந்தச் சான்றிதழ் தேவையில்லை. வரிசையில் என்னோடு நின்றவர்களில் இரண்டு பேர் 'எல்லாம் வாங்கி வெச்சுக்கலாம்' என்று தேவையில்லாமல் இதற்கும் விண்ணப்பித்துக்கொண்டிருந்தார்கள், அந்த நேரத்தை அவர்கள் மிச்சப்படுத்தியிருக்கலாம்.

tnesevai.tn.gov.in போய், பொதுமக்கள் லாகினில் மொபைல் எண்ணை வைத்துக் கணக்குத் தொடங்கினேன். உள்ளே வருவாய்த் துறை என்பதைத் தேர்ந்தெடுத்தால் சேவைகள் எண்ணோடு வரும். சாதி REV-101, இருப்பிடம் REV-102, வருமானம் REV-103, முதல் பட்டதாரி REV-104. பெயர்கள் ஒரே மாதிரி இருக்கும் நீண்ட பட்டியல் அது, இந்த எண்ணை வைத்துத் தேடினால் தவறாது. கேன் எண் கொடுத்தால் ஓ.டி.பி. வரும், அதைப் போட்ட பிறகுதான் விண்ணப்பம் திறக்கும். இங்கேதான் பழைய மொபைல் எண் உள்ளவர்கள் மாட்டிக்கொள்வார்கள். பத்தாவது படிக்கும்போது பள்ளியில் யாரோ எடுத்துக் கொடுத்த கேன் எண், அதில் இப்போது இல்லாத சிம் என்றால், வீட்டிலிருந்து செய்வதற்கு முன் அந்த எண்ணைத் திருத்த வேண்டும்.

சென்னையில் இருப்பவர்கள் தடுமாறும் இன்னொரு இடம், தாலுகாவும் வருவாய்க் கிராமமும். நமக்கு ஏரியா பெயரும் பின்கோடும்தான் தெரியும். 2018இல் சென்னை மாவட்டத்தைப் பெரிதாக்கியபோது ஆலந்தூர், சோழிங்கநல்லூர், அம்பத்தூர், மாதவரம், மதுரவாயல், திருவொற்றியூர் தாலுகாக்கள் காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களிலிருந்து இங்கே வந்தன. ஆனால் பலருடைய ஆதாரிலும் பழைய ஆவணங்களிலும் இன்னும் காஞ்சிபுரம் மாவட்டம் என்றே இருக்கும். மடிப்பாக்கத்தில் இருப்பவர் ஆதாரைப் பார்த்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு சோழிங்கநல்லூரைத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது, சென்னை மாவட்டத்தின் கீழேதான் பார்க்க வேண்டும். தாலுகா மாறிவிட்டால் விண்ணப்பம் உங்களுக்குச் சம்பந்தமில்லாத வி.ஏ.ஓ.விடம் போகும், அவர் திருப்பத்தான் செய்வார். சந்தேகமாக இருந்தால் வீட்டுப் பத்திரத்தில் இருக்கும் கிராமப் பெயரையோ, வாடகை வீடாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய ஏதாவது ஒரு சான்றிதழையோ பாருங்கள், அதில் வட்டத்தின் பெயர் அச்சடித்திருக்கும்.

ஸ்கேனுக்கு மொபைல் கேமரா போதும். பகலில் ஜன்னல் பக்கம் வைத்து, ஒரு ஆவணத்துக்கு ஒரு கோப்பு என்று, கறுப்பு வெள்ளையாக மாற்றி அளவைக் குறைத்தேன். வண்ணத்தை எடுத்துவிட்டாலே பாதி அளவு குறைகிறது, எழுத்தும் நசுங்கவில்லை. முதல் முறை என்பதால் எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. பணம் கட்டும் இடத்தில் பக்கம் நின்றுவிட்டது, கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை. பதறி மறுபடி கட்டாமல் மறுநாள் காலையில் லாகின் செய்து பார்த்தேன், விண்ணப்பம் பதிவாகி எண்ணும் வந்திருந்தது. உங்களுக்கும் அப்படி ஆனால் இரண்டாவது தடவை கட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, எஸ்.எம்.எஸ். என் போனுக்கே வந்தது, திரும்பினால் திருத்துவதும் என் கையிலேயே இருக்கிறது. எட்டு நாளில் சான்றிதழை வீட்டிலேயே இறக்கிக்கொண்டேன். கியூ.ஆர். கோடும் டிஜிட்டல் கையெழுத்தும் அதில் இருக்கிறது, சீல் வாங்க யாரிடமும் போக வேண்டாம். ஒரு ஜெராக்ஸ் கடையில் 'தாசில்தார் சீல் வேணும், நான் வாங்கித் தர்றேன்' என்று ஒருவர் 200 ரூபாய் கேட்டதை என் காதால் கேட்டேன், கொடுக்காதீர்கள்.

சரி, யார் எங்கே போவது

வருமானம், இருப்பிடம் மாதிரி மூன்று நான்கு ஆவணத்தில் முடியும் சான்றிதழ் என்றால், கேன் பதிவில் உங்கள் எண்ணே இருக்கிறது என்றால், வீட்டிலிருந்து செய்யுங்கள். நான் இனிமேல் இவற்றுக்குக் கவுன்ட்டருக்குப் போக மாட்டேன்.

முதல் பட்டதாரிக்குத் தாலுகா கவுன்ட்டர்தான். வரிசையில் நிற்கும் மூன்று மணி நேரமும் அந்தக் காகிதங்களை ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்வதற்காகத்தான். சாதிச் சான்றிதழைப் புதிதாக வாங்குகிறவர்களும் அங்கேயே போகலாம், முக்கியமாக அப்பாவின் சான்றிதழ் வேறு மாவட்டத்தில் வாங்கியதாக இருந்தால். அப்பாவுடைய சான்றிதழின் அசலைக் கையில் கொண்டுபோங்கள், பெயரில் இன்ஷியல் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

தெருமுனை மையத்தை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத் தாலுகாவில் நிற்க முடியாது, ராத்திரி எட்டு மணிக்கும் திறந்திருப்பது அந்தக் கடைதான். நல்ல ஆட்களும் இருக்கிறார்கள், எங்கள் பகுதியிலேயே ஒருவர் 60 ரூபாயும் பிரின்ட்டுக்குப் பத்தும்தான் வாங்குகிறார் என்று பின்னால் தெரிந்தது. போவதாக இருந்தால் போனைக் கையோடு கொண்டுபோங்கள், ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வந்தால்தான் மேற்கொண்டு செய்யச் சொல்லுங்கள், ஏற்றிய கோப்பைப் பாருங்கள், விண்ணப்ப எண் உள்ள ரசீதை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். மூன்றாவது நாளிலிருந்து நீங்களே இணையத்தில் நிலவரம் பாருங்கள். பத்து நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் அந்த எண்ணோடு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்கலாம், அங்கேயும் பதில் இல்லை என்றால் முதல்வரின் உதவி மைய எண்ணான 1100க்குப் போன் செய்து புகாராகப் பதியலாம்.

அக்கா மகளுடைய சான்றிதழ் வந்தது கவுன்சலிங் பதிவு முடிய நான்கு நாள் இருக்கும்போது. அதோடு சேர்த்து மாணவியும் பெற்றோரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழிப் படிவத்தையும் கவுன்சலிங் தளத்தில் ஏற்ற வேண்டும், அது தாலுகாவில் தருவதில்லை, அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் பிளஸ் டூ எழுதும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அப்பா அம்மா, தாத்தா பாட்டியின் காகிதங்களை டிசம்பரிலேயே தேட ஆரம்பித்துவிடுங்கள், எங்களுக்கு அதிக நாள் பிடித்தது அந்த எட்டாம் வகுப்பு ரெக்கார்ட் ஷீட்டுக்குத்தான்.